வெளிநாட்டுக் கல்விக் கடனுக்குத் தேடல் விளம்பரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்விக் கடன் ஆலோசனை நிறுவனங்கள் கூகுளில் விளம்பரம் செய்யும்போது என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அமெரிக்காவில் முதுகலை படிக்கப் போகும் மாணவருக்கான கடனையே முழுக்க எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். வீடு, மனை விற்பவர்களுக்குக் கடைசியில் தனியாக ஒரு பதில் இருக்கிறது.

லீட் மட்டும் குவிகிறது, கடன் ஒன்றும் முடிவதில்லை. எங்கே தவறு?

பெரும்பாலும் கூகுளுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் இலக்கில். விளம்பரத்தைக் கிளிக் செய்தவர் படிவத்தை நிரப்பியதும் உங்களுக்கு ஒரு லீட் கிடைக்கிறது; கூகுள் கணக்கில் அது ஒரு கன்வர்ஷன், அதாவது இலக்கு நிறைவேறியதாகப் பதிவாகிறது. அதோடு கூகுளின் வேலை முடிந்துவிடுகிறது. அடுத்த முறை விளம்பர இடத்துக்கான ஏலத்தில் எவ்வளவு கேட்பது, யாருக்கு விளம்பரத்தைக் காட்டுவது என்று அது முடிவு செய்வது அந்த ஒரு தகவலை வைத்துத்தான். ஆகவே குறைந்த செலவில் படிவம் நிரப்பக்கூடியவர்களை அது தேடிக் கொடுக்கிறது. சொன்ன வேலையைச் சரியாகவே செய்கிறது.

ஆனால் கல்விக் கடனில் படிவம் என்பது ஆரம்பம் மட்டுமே. ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் மாணவர் டிசம்பரிலேயே கடனைப் பற்றித் தேடத் தொடங்குகிறார். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பல்கலைக்கழகங்களிலிருந்து சேர்க்கைக் கடிதங்கள் வருகின்றன. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வாங்க நிதி ஆதாரம் காட்ட வேண்டும். அதற்காகக் கடன் ஒப்புதல் கடிதத்தைத் தேடி ஓடுகிறார். பிறகு விசா. கடன் தொகை பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும்போது ஜூலையோ ஆகஸ்டோ ஆகிவிடுகிறது. இந்த ஏழெட்டு மாதத்தில் நடந்த எதுவும் கூகுளுக்குத் தெரியாது, நீங்கள் சொன்னால் ஒழிய.

அப்படியானால் கடன் பட்டுவாடாவையே இலக்காகக் கொடுத்துவிடலாமே?

கொடுக்க முடியாது என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, கால எல்லை. கிளிக் நடந்து 90 நாட்களுக்குப் பிறகு நடக்கும் ஒன்றை அந்தக் கிளிக்கோடு இணைத்துப் பதிவேற்ற கூகுள் ஆட்ஸ் அனுமதிப்பதில்லை. டிசம்பர் 10 அன்று கிளிக் செய்தவரின் கடன் ஜூலையில் பட்டுவாடா ஆனால், அந்தத் தகவல் உங்கள் நோட்டில் இருக்கும், கூகுளின் கணக்கில் ஏறாது.

இரண்டாவது, எண்ணிக்கை. கூகுளே தொகையை முடிவு செய்யும் தானியங்கி ஏலம் ஓரளவு நிலைத்து ஓட மாதம் முப்பது கன்வர்ஷனாவது வேண்டும் என்பது என் கணிப்பு. மாதம் பத்துப் பதினைந்து பட்டுவாடா நடக்கும் நிறுவனத்தில், அதுவும் ஆறு மாதம் பின்தங்கி வரும் தகவலை வைத்து, எந்தத் தேடல் சொல் நல்லது என்று இயந்திரத்தால் பிரித்தறிய முடியாது.

பிறகு எந்தக் கட்டத்தில் இலக்கை வைப்பது?

சீக்கிரம் நடக்க வேண்டும், போதிய எண்ணிக்கையில் நடக்க வேண்டும், பட்டுவாடாவை ஓரளவு முன்கூட்டியே காட்ட வேண்டும். இந்த மூன்றும் கூடிவரும் கட்டத்தைத் தேடுங்கள். அதற்கு முதலில் போன சீசனின் கணக்கை எடுத்து வரிசையாக எழுத வேண்டும். கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள் இவை. ஒரு மாதத்தில் 2,00,000 ரூபாய் செலவில் 400 லீட் வந்தன. அவர்களில் 280 பேரிடம் பேச முடிந்தது. 100 பேர் கடனுக்குத் தகுதியுள்ளவர்கள். 40 பேர் ஆவணங்களை முழுமையாகக் கொடுத்தார்கள். 24 பேருக்கு ஒப்புதல் கிடைத்தது. 15 பேருக்குப் பட்டுவாடா ஆனது.

படிவம் வேகமாகக் கிடைக்கிறது, எண்ணிக்கையும் ஏராளம். ஆனால் 400-இல் 15 என்பதால் அது எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஒப்புதல் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் சேர்க்கைக் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பதால் பல மாதம் தள்ளிப்போகிறது. தகுதி உறுதியாகும் கட்டமோ, டெலிகாலர் பேசிய ஓரிரு நாளில் தெரிந்துவிடுகிறது. மாதம் நூறு கிடைக்கிறது. ஏழில் ஒன்று பட்டுவாடா வரை போகிறது. இந்த நிறுவனம் ஏலத்துக்கான இலக்கை அங்கேதான் வைக்க வேண்டும். ‘ஃபைல் முழுமை’ என்ற கட்டம் இன்னும் நல்ல அடையாளம். 40 என்பதும் குறைந்த எண்ணிக்கை அன்று. ஆனால் சொத்தை அடமானம் வைக்கும் கடனில் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் சேர்வதற்குள் வாரங்கள் ஓடிவிடும். சீசன் சூடுபிடித்து எண்ணிக்கை கூடும்போது அதற்கு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம்.

கூகுள் ஆட்ஸில் ஒவ்வொரு கன்வர்ஷனையும் `Primary` அல்லது `Secondary` என்று குறிக்கலாம். ஏலம் பார்ப்பது முதல் வகையை மட்டுமே. மற்ற கட்டங்களை இரண்டாம் வகையில் பதிந்து வையுங்கள். அறிக்கையில் தெரியும், ஏலத்தைத் தொடாது.

‘தகுதியுள்ளவர்’ என்று யார் முடிவு செய்வது? டெலிகாலருக்குத் தோன்றியதை நம்பலாமா?

நம்பக்கூடாது. இந்த முழு அமைப்பும் உடைவது பெரும்பாலும் இங்கேதான். “ஆர்வமாகப் பேசினார்” என்பதற்காக ஒருவர் தகுதி என்று குறிக்கிறார். இன்னொருவர் சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தால்தான் குறிக்கிறார். கூகுளுக்குப் போய்ச் சேரும் தகவல் மாணவரைப் பற்றியதாக இல்லாமல் அன்று போன் எடுத்தவரின் மனநிலையைப் பற்றியதாகிவிடுகிறது.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளாக வரையறையை எழுதி வையுங்கள். எந்த நாடு, எந்தப் பருவம் என்று முடிவாகிவிட்டதா? சேர்க்கைக் கடிதம் இருக்கிறதா, அல்லது விண்ணப்பமாவது அனுப்பியாகிவிட்டதா? வருமானச் சான்று காட்டக்கூடிய இணை விண்ணப்பதாரர் இருக்கிறாரா? தேவைப்படும் தொகை நீங்கள் கையாளும் அளவுக்குள் இருக்கிறதா? நான்குக்கும் ஆம் என்றால் தகுதி. அடமானத்துக்குச் சொத்து இருக்கிறதா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைத் தகுதி விதியாக்க வேண்டாம். ஈடு இல்லாமல் கடன் தரும் நிறுவனங்களும் உண்டு.

தகுதி இல்லை என்றால் காரணத்தையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள்: போன் எடுக்கவில்லை, தவறான எண், உள்நாட்டுப் படிப்பு, அடுத்த ஆண்டுதான் போகிறார், வருமானச் சான்று இல்லை. ‘மற்றவை’ என்ற ஒரு பெட்டி இருந்தால் எல்லாரும் அதையே அழுத்துவார்கள். அதை எடுத்துவிடுங்கள்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு டெலிகாலரும் தகுதி என்று குறித்தவர்களில் எத்தனை பேர் ஃபைல் முழுமை வரை போகிறார்கள் என்று தனித்தனியாகப் பாருங்கள். சராசரி நூற்றுக்கு 40 இருக்க, ஒருவருக்கு மட்டும் 15 என்றால் அவர் தாராளமாகக் குறிக்கிறார். 80 என்றால் நல்லவர்களையும் விலக்குகிறார் என்று சந்தேகிக்க வேண்டும். வாரம் சில உரையாடல் பதிவுகளைக் கேட்டாலே எது உண்மை என்று தெரிந்துவிடும். எண்ணிக்கையைக் காட்டி ஊக்கத்தொகை தரும் இடங்களில் இந்தச் சோதனை இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

357 ரூபாய்க்கு லீட் தரும் பிரச்சாரத்தைக் குறைத்து, 833 ரூபாய் ஆகும் பிரச்சாரத்துக்குப் பணம் போடச் சொல்கிறீர்களே?

மேலே சொன்ன இரண்டு லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். முதல் பிரச்சாரம் `education loan` என்ற பொதுவான சொல்லை, தொடர்புள்ள பிற தேடல்களுக்கும் காட்டும் விரிவான பொருத்தத்தில் ஓட்டுகிறது. ஒரு லட்சத்துக்கு 280 லீட். ஒன்று 357 ரூபாய். இரண்டாவது `education loan for ms in usa` போன்ற குறிப்பான சொற்களை ஓட்டுகிறது. அதே ஒரு லட்சத்துக்கு 120 லீட்தான். ஒன்று 833 ரூபாய்.

தகுதியுள்ளவர்கள் முதலாவதில் 40 பேர், இரண்டாவதில் 60 பேர். அந்த இடத்திலேயே கணக்கு தலைகீழாகிறது: ஒருவருக்கு 2,500 ரூபாய்க்கு எதிராக 1,667 ரூபாய். முழு ஃபைல் முதலாவதில் 12, இரண்டாவதில் 28. பட்டுவாடா முதலாவதில் 4, இரண்டாவதில் 11. ஒரு பட்டுவாடாவுக்கான விளம்பரச் செலவு முதலாவதில் 25,000 ரூபாய், இரண்டாவதில் ஏறத்தாழ 9,100 ரூபாய். ஒரு கடனுக்கு நிறுவனத்துக்குச் சராசரியாக 30,000 ரூபாய் கமிஷன் வருகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் பிரச்சாரம் சம்பளமும் வாடகையும் போக நஷ்டத்தில் ஓடுகிறது. படிவத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் கணக்கில் தானியங்கி ஏலம் பணத்தை முதல் பிரச்சாரத்தின் பக்கமே தள்ளிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ரூபாய் மதிப்புக் கொடுத்து எல்லாவற்றையும் `Primary` ஆக்கினால் என்ன?

ஒரே மாணவரின் மதிப்பு பலமுறை கூட்டப்படும். தகுதிக்கு 4,500, ஃபைலுக்கு 11,250, ஒப்புதலுக்கு 18,750, பட்டுவாடாவுக்கு 30,000 என்று கொடுத்தால், கடைசி வரை போனவர் கணக்கில் 64,500 ரூபாயாகத் தெரிவார். உங்களுக்கு வந்ததோ 30,000. ஒவ்வொரு கட்டத்திலும் கூடுதல் தொகையை மட்டும் கொடுக்கலாமே என்பார்கள்: 4,500, பிறகு 6,750, பிறகு 7,500, கடைசியில் 11,250. ஒருவரைப் பொறுத்தவரை கூட்டல் சரியாக 30,000 வருகிறது. ஆனால் நடுவில் விலகியவர்களின் 4,500-ஐ யாரும் திரும்பக் கழிப்பதில்லை. மொத்தத்தைக் கூட்டினால் உண்மையில் வந்த 4,50,000 ரூபாய்க்குப் பதிலாகப் பத்து லட்சத்துக்கு மேல் காட்டும். அதை வைத்து ஏலம் கேட்டால் பணம் போய்விடும்.

நான் பரிந்துரைப்பது ஒரே கட்டத்தை இலக்காக வைத்து, அதற்குள் மதிப்பை வேறுபடுத்துவது. நம் 100 பேரில் சேர்க்கைக் கடிதம் கையில் உள்ளவர்கள் 40 பேர், அவர்களில் 12 பேருக்குப் பட்டுவாடா ஆனது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 30, ஆகவே ஒருவரின் மதிப்பு 9,000 ரூபாய். விண்ணப்பம் மட்டும் அனுப்பியிருந்த 60 பேரில் 3 பேர். நூற்றுக்கு 5, மதிப்பு 1,500 ரூபாய். இரண்டையும் கூட்டினால் சரியாக 4,50,000 வருகிறது. இப்போது மதிப்பை வைத்து ஏலம் கேட்கும் `Target ROAS` போன்ற முறைக்கு, எந்த வகை மாணவர் ஆறு மடங்கு மதிப்புள்ளவர் என்று தெரியும்.

இந்த விகிதம் சீசனோடு மாறும். நவம்பரில் கடிதம் இல்லாதவர் ஏப்ரலில் நல்ல வாடிக்கையாளராகத் திரும்பி வரலாம்; மே மாதத்திலும் கடிதம் இல்லாதவர் அந்தப் பருவத்துக்குப் பெரும்பாலும் வரமாட்டார். ஆகவே காலாண்டுக்கு ஒரு முறையாவது மறுபடி கணக்கிடுங்கள்.

தகுதி உறுதியான தகவலைக் கூகுளுக்கு எப்படித் திருப்பி அனுப்புவது?

விளம்பரக் கணக்கில் `Auto-tagging` இயக்கத்தில் இருந்தால், ஒவ்வொரு கிளிக்கின்போதும் முகவரியின் பின்னால் `gclid` என்ற அடையாள எண் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பிடித்துப் படிவத்தின் மறைவான கட்டத்தில் வைக்க வேண்டும்:

```html
<input type="hidden" name="gclid" id="gclid">
<script>
const id = new URLSearchParams(location.search).get('gclid');
if (id) localStorage.setItem('gclid', id);
document.getElementById('gclid').value = localStorage.getItem('gclid') || '';
</script>
```

மாணவர் முதலில் வேறொரு பக்கத்தைப் படித்துவிட்டுப் பிறகு படிவப் பக்கத்துக்கு வந்தாலும் எண் தொலையாமல் இருக்கவே அது உலாவியில் சேமிக்கப்படுகிறது; அதற்கு `const`, `if` என்று தொடங்கும் இரண்டு வரிகளும் தளத்தின் மற்றப் பக்கங்களிலும் இருக்க வேண்டும். பெயர், போன் எண்ணோடு இதுவும் உங்கள் பதிவேட்டில் ஏறும். தகுதி உறுதியானதும் இப்படி ஒரு வரி கோப்பில் சேர்ந்து கூகுளுக்குப் போகும்:

```
Parameters:TimeZone=Asia/Kolkata
Google Click ID,Conversion Name,Conversion Time,Conversion Value,Conversion Currency
<gclid>,Qualified lead,2025-02-14 16:20:00,9000,INR
```

கன்வர்ஷனின் பெயர் கூகுள் ஆட்ஸில் வைத்த பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். `gclid`-இல் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. பதிவேட்டு மென்பொருள் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கினாலோ, நீளத்தை வெட்டினாலோ அந்த வரி பயனற்றது. பதிவேட்டில் கூகுள் விளம்பர லீட்களில் எத்தனைக்கு இந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று வாரம் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். திடீரென்று காலிகள் கூடினால், யாரோ இணையதளத்தில் பக்கங்களைத் திருப்பிவிடும் ஏற்பாட்டை மாற்றியிருப்பார்கள். பதிவேற்றத்தை நாள்தோறும் நடத்துங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக ஏற்றினால் ஏலம் ஒரு மாதம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடியதாகிவிடும்.

எண் கிடைக்காத லீட்களை என்ன செய்வது? பலர் வேறு கருவியிலிருந்து வருகிறார்களே.

படிவத்தில் கொடுத்த மின்னஞ்சலையோ போன் எண்ணையோ வைத்துப் பொருத்தும் வழி ஒன்று இருக்கிறது. `Enhanced conversions for leads` என்பது அதன் பெயர். போன் எண்ணை `+91` சேர்த்து, இடைவெளி இல்லாமல் எழுதி, `SHA-256` முறையில் குறியீடாக மாற்றி அனுப்ப வேண்டும். இதற்கான கால எல்லை 90 நாளைவிடக் குறைவு, 63 நாட்கள். தகுதிக் கட்டம் ஓரிரு நாளில் முடிந்துவிடுவதால் நமக்கு இது சிக்கலாகாது. இப்படி ஒரு பயன்பாடு உண்டு என்பதைப் படிவத்தின் ஒப்புதல் வாசகத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெற்றோரின் வருமான விவரம் வரை நம்மிடம் தருகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் பொத்தானை அழுத்திப் பேசுபவர்களிடம் இந்த வழி அப்படியே செல்லாது. பொத்தானுக்கு முன்னால் பெயர், எண், நாடு என்று மூன்று கட்டமுள்ள சிறு படிவத்தை வைப்பதே நடைமுறைத் தீர்வு.

இலக்கைத் தகுதிக் கட்டத்துக்கு மாற்றியதும் விளம்பரம் காட்டப்படுவதே நின்றுவிட்டது. ஏன்?

இலக்குத் தொகையை மாற்றியிருக்க மாட்டீர்கள். படிவத்துக்கு 500 ரூபாய் என்று வைத்திருந்த `Target CPA` அப்படியே இருக்க, கன்வர்ஷன் மட்டும் தகுதியாக மாறினால், 2,000 ரூபாய் ஆகும் ஒன்றை 500-க்குக் கேட்கிறீர்கள். கூகுள் ஏலத்திலேயே நுழையாது. முதலில் தகுதியை `Secondary` ஆக வைத்துச் சில வாரம் பதிவேற்றுங்கள். உண்மையான செலவு தெரியும். பிறகு அதை `Primary` ஆக்கி, அதே நாளில் படிவத்தை `Secondary` ஆக்கி, இலக்குத் தொகையைத் தெரிந்த செலவுக்கு ஏற்ப உயர்த்துங்கள். மாற்றிய முதல் இரண்டு மூன்று வாரம் எண்கள் ஆடும். அதற்குள் மறுபடி கைவைக்காதீர்கள்.

பாதி லீட் குப்பையாக வருகிறது. வடிகட்ட என்ன வழி?

தேடல் சொற்களின் அறிக்கையைத் திறந்து பாருங்கள். `vidya lakshmi login`, வங்கிகளின் `customer care number`, `education loan status`, கடன் தள்ளுபடி பற்றிய தேடல்கள் எல்லாம் உங்கள் பணத்தைத் தின்றுகொண்டிருக்கும். இவர்கள் ஏற்கெனவே கடன் வாங்கியவர்கள், அல்லது அரசு இணையதளத்தைத் தேடுகிறவர்கள். எதிர்ச் சொற்களில் சேர்த்து விலக்குங்கள். அமைப்புகளில் `Search Partners`, `Display Network` இரண்டையும் நிறுத்திவைத்துத் தொடங்குங்கள். இடத் தேர்வில் ‘ஆர்வமுள்ளவர்கள்’ என்பதையும் சேர்க்கும் இயல்புநிலையை விட்டு, அந்த இடத்தில் இருப்பவர்களை மட்டும் குறிக்கும் `Presence` என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

படிவத்தில் போன் எண்ணுக்கு ஓடிபி வையுங்கள். நாடு, எந்தப் பருவம், சேர்க்கைக் கடிதத்தின் நிலை ஆகிய மூன்றையும் கேளுங்கள். லீட் எண்ணிக்கை குறையும், ஒரு லீட்டின் செலவு ஏறும்; தகுதியுள்ள ஒருவருக்கான செலவு ஏறாதவரை கவலை வேண்டாம். நள்ளிரவில் சில நிமிடத்துக்குள் வரிசையாக வந்த படிவங்கள், ஒரே எண்ணில் வெவ்வேறு பெயர்கள் என்றால் அவை இயந்திரப் படிவங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உள்ளூர்ப் பொறியியல் கல்லூரிக்காக நான்கைந்து லட்சம் கேட்டு வரும் மாணவரைக் குப்பை என்று தள்ளாதீர்கள். 7.5 லட்சம் வரை ஈடு இல்லாமல் வங்கியில் கடன் பெற வழி இருக்கிறது, அரசின் பிஎம் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம் என்று விளக்கும் ஒரு பக்கத்தை எழுதி, அங்கே அனுப்பி வையுங்கள். கூகுளுக்கு அவர் தகுதி இல்லாத லீட். உங்கள் வாசலுக்கு வந்த ஒரு குடும்பம் அது.

இந்த மாத அறிக்கை போன மாதத்தைவிட மோசமாகத் தெரிகிறது. செலவைக் குறைக்கலாமா?

அவசரப்படாதீர்கள். கூகுள் ஆட்ஸ் கன்வர்ஷனைக் கிளிக் நடந்த நாளில் எழுதுகிறது. பிப்ரவரி 3 அன்று கிளிக் செய்தவர் பிப்ரவரி 20 அன்று ஃபைல் கொடுத்தால், அது பிப்ரவரி 3-க்கான வரியில் ஏறும். ஆகவே கடைசி இரண்டு மூன்று வாரம் எப்போதும் மெலிந்தே தெரியும். ஃபைல் கட்டத்தை ஒப்பிட வேண்டுமானால் ஒரு மாதத்துக்கு முந்தைய கிளிக்குகளை அதற்கும் முந்தைய மாதத்தோடு ஒப்பிடுங்கள். தகுதிக் கட்டத்துக்கு ஒரு வாரம் பின்தங்கிப் பார்த்தால் போதும். ஒப்புதலும் பட்டுவாடாவும் சீசன் முடிந்த பிறகு, கிளிக் நடந்த மாதவாரியாக உங்கள் சொந்தப் பதிவேட்டில் பார்க்க வேண்டியவை.

மாதம் 30,000 ரூபாய்தான் எங்கள் பட்ஜெட். இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

அந்தச் செலவில் தகுதியுள்ளவர்கள் மாதம் பதினைந்து பேர்தான் கிடைப்பார்கள். தானியங்கி ஏலத்துக்கு அது போதாது. மிகக் குறிப்பான பத்துப் பதினைந்து தேடல் சொற்களைத் துல்லியப் பொருத்தத்தில் மட்டும் ஓட்டுங்கள். எது நல்லது என்பதைத் தகுதிப் பட்டியலைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். `gclid` சேமிப்பையும் பதிவேற்றத்தையும் மட்டும் முதல் நாளிலிருந்தே செய்யுங்கள். பட்ஜெட் கூடும்போது பழைய சீசனின் விகிதங்கள் கையில் இருக்கும். இந்தியாவில் நிதிச் சேவை விளம்பரங்களுக்குக் கூகுள் தனிச் சரிபார்ப்புக் கேட்கிறது. சீசன் தொடங்குவதற்கு முன்பே அதை முடித்து வையுங்கள்.

நாங்கள் அடுக்குமாடி வீடு விற்கிறோம். இதே முறை எங்களுக்கு உதவுமா?

கட்டங்களின் பெயர்தான் மாறும். பத்திரப்பதிவு வெகு தூரத்தில் இருக்கிறது, முன்பணம் கொடுப்பவர்கள் சிலரே. இலக்கை வைக்க ஏற்ற கட்டம் நேரில் வந்து இடத்தைப் பார்ப்பது. அதற்குக் குடும்பமே கிளம்பி வர வேண்டும் என்பதால் போனில் சொல்லும் ஆர்வத்தைவிட அது நம்பகமானது. ‘ஞாயிறு வருகிறேன்’ என்று சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். விற்பனைக் கூடத்தின் பதிவேட்டில் போன் எண் எழுதப்பட்ட வருகையை மட்டும் பதிவேற்றுங்கள். வந்தவர்களில் தரகர்களும் போட்டி நிறுவனத்தாரும் இருப்பார்கள், அவர்களைக் கழித்துவிடுங்கள். மதிப்பை வேறுபடுத்த, வீட்டுக் கடனுக்கு முன் ஒப்புதல் பெற்றவரா என்ற கேள்வி, கல்விக் கடனில் சேர்க்கைக் கடிதம் செய்யும் வேலையைச் செய்யும். 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, விளம்பரத்தில் திட்டத்தின் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும். தேடல் விளம்பரத்தின் குறுகிய வரிகளில் அதற்கு இடம் ஒதுக்குங்கள். அது சென்று சேரும் பக்கத்தின் மேற்பகுதியிலும் தெளிவாக எழுதுங்கள்.